பிரிவு 10 முதல் 30 வரை: செல்லாத உடன்பாடுகள், ஒரே அட்டவணையில்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 வகுப்பில் சார் பிரிவு 10-இல் ஆரம்பித்து, 11-க்குப் போய், அங்கிருந்து 68-க்குத் தாவி, திரும்பவும் 2(d)-க்கு வந்ததில் பலருக்கும் குறிப்பு எடுக்க முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் பிரிவு வரிசைப்படி பிரித்துப் போட்டிருக்கிறேன். பிரிவு 10-க்குத் தனி வரிசை வைக்கவில்லை, ஏனென்றால் அதுதான் மொத்தத்துக்கும் தலைப்பு: சுதந்திரமான சம்மதம், தகுதியுள்ள தரப்பினர், சட்டப்படியான பிரதிபலன், சட்டப்படியான நோக்கம், அப்புறம் 'செல்லாது' என்று சட்டமே வெளிப்படையாக அறிவிக்காதது. கீழே வரும் ஒவ்வொரு பிரிவும் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றைத்தான் தொடுகிறது.

| பிரிவு | முக்கியச் சொற்கள் | விதிவிலக்கு | வழக்கு |
|---|---|---|---|
| 2(d) | 'வாக்குறுதி தந்தவரின் விருப்பப்படி'; 'வாக்குறுதி பெற்றவரோ வேறு எவருமோ' | இல்லை; இது வரையறை | துர்கா பிரசாத் எதிர் பல்தேவ் (1880): கலெக்டர் சொல்லி வாதி கடைகள் கட்டினார், கடைக்காரர்கள் கேட்டு அல்ல; ஆகவே பிரதிபலன் இல்லை. சின்னையா எதிர் ராமய்யா (1882, சென்னை): தாய் மகளுக்குச் சொத்து கொடுத்தார், மகள் தாயின் உடன்பிறந்தோருக்கு ஆண்டுத்தொகை தர எழுதிக்கொடுத்தார், தாய் தந்ததே பிரதிபலன் |
| 11 | வயது, தெளிந்த மனநிலை, வேறு சட்டத்தால் தடுக்கப்படாதவர் | 68: மைனருக்கு அத்தியாவசியப் பொருள் தந்தவர் அவர் சொத்திலிருந்து ஈடு பெறலாம், மைனர் நேரில் பொறுப்பல்ல. கூட்டாண்மைச் சட்டம் 30: பலன்களுக்கு மட்டும் சேர்க்கலாம் | மொஹோரி பீபீ எதிர் தர்மோதாஸ் கோஷ் (1903, பிரிவி கவுன்சில்) |
| 25 | பிரதிபலன் இல்லாதது செல்லாது | (1) எழுத்து, பதிவு, நெருங்கிய உறவு, இயல்பான அன்பு (2) முன்பே தானாகச் செய்த உதவிக்கு ஈடு (3) காலாவதியான கடனுக்கு எழுத்தில் கையொப்பமிட்ட வாக்குறுதி. முடிந்துபோன தானத்தை இந்தப் பிரிவு தொடாது | ராஜ்லுகி தாபி எதிர் பூத்நாத் முகர்ஜி (1900) |
| 26 | திருமணத்துக்குத் தடை | மைனரின் திருமணம் | – |
| 27 | தொழிலுக்குத் தடை | குட்வில் விற்பனை: குறிப்பிட்ட எல்லை, வாங்கியவர் அதே தொழிலை நடத்தும்வரை, நியாயமான அளவு | மாதவ் சந்தர் எதிர் ராஜ்குமார் தாஸ் (1874), நிரஞ்சன் சங்கர் கோலிகரி எதிர் செஞ்சுரி ஸ்பின்னிங் (1967) |
| 28 | நீதிமன்றம் போகத் தடை. உரிமையையே அழிக்கும் விதி (1997 திருத்தம்) | நடுவர் தீர்ப்புக்கு விடுதல். வங்கி உத்தரவாதத்துக்குத் தனி விதிவிலக்கு | ஏ.பி.சி. லாமினார்ட் எதிர் ஏ.பி. ஏஜென்சீஸ் (1989) |
| 30 | பந்தயம். வென்ற பணத்துக்கு வழக்குப் போட முடியாது | குதிரைப் பந்தயப் பரிசு, 500 ரூபாயும் அதற்கு மேலும் | கெருலால் பராக் எதிர் மகாதேவ்தாஸ் மையா (1959) |

கட்டத்துக்குள் அடங்காத சில விஷயங்கள் இருக்கின்றன. பிரிவு 25(1)-இல் பலரும் 'நெருங்கிய உறவு, பதிவும் ஆகிவிட்டது, அவ்வளவுதான்' என்று நிறுத்திவிடுவார்கள், ஆனால் அன்பும் தனியாக இருக்க வேண்டும். ராஜ்லுகி வழக்கில் கணவன் மனைவிக்குப் பணம் தருவதாகப் பதிவு செய்த பத்திரமே இருந்தது. அந்தப் பத்திரமே அவர்களுக்குள் இருந்த சண்டையைச் சொன்னதால் அன்பு எங்கே என்று கேட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 25(3)-க்குப் பதிவு தேவையில்லை, எழுத்தும் கையொப்பமும் போதும். (1)-க்கான நிபந்தனைகளை (3)-க்கும் போட்டுவிடாதீர்கள்.

மொஹோரி பீபீயில் மைனர் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார், அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவரின் ஆளுக்குத் தெரிந்திருந்தது, அதனால் முன்பு சொன்னதை இப்போது மாற்றிப் பேச முடியாது என்ற எஸ்டாப்பல் வாதம் எடுபடவில்லை. உடன்பாடு ஆரம்பத்திலிருந்தே செல்லாதது, தவிர்க்கத்தக்கது அல்ல. இந்த ஒரு வேறுபாட்டில்தான் விடைத்தாளில் மதிப்பெண் போகிறது.

27-இல் என் கணக்குப்படி மிகவும் முக்கியமானது மாதவ் சந்தர் வழக்குதான். போட்டிக் கடைக்காரர் பணம் தருவதாகச் சொல்லி எதிராளியைக் கடையை மூட வைத்தார், அப்புறம் தரவில்லை. தடை ஒரு பகுதிக்கு மட்டும்தானே என்ற வாதம் தோற்றது, ஏனென்றால் இந்தப் பிரிவு முழுத் தடை, பகுதித் தடை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் கோலிகரியில் வேலை ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு இடத்தில் வேலை செய்யக்கூடாது என்ற விதி நின்றது. அதை 'வேலையை விட்ட பிறகு' என்ற தடையோடு குழப்பாதீர்கள். கூட்டாளிகள் தொடர்பான விதிவிலக்குகள் முன்பு 27-லேயே இருந்தன, 1932 கூட்டாண்மைச் சட்டம் வந்தபோது அங்கே போய்விட்டன. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

28-க்கு ஒரே வரி: தகுதியுள்ள இரண்டு நீதிமன்றங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தால் சரி, எங்குமே போகக்கூடாது என்றால் செல்லாது.

30-ஐ, எந்த நோக்கம் சட்டப்படியானது என்று சொல்லும் 23-ஓடு சேர்த்தே படியுங்கள். கெருலாலில் பந்தயம் செல்லாதது, ஆனால் சட்டவிரோதமான நோக்கம் அல்ல என்று சொன்னதால், பந்தயத்துக்காக அமைந்த கூட்டாண்மை உடன்பாடு தப்பித்தது. 23 அடுத்த வகுப்பில் வருகிறது, அதன் வரிசையை 25-க்கு மேலே சேர்த்துவிடுகிறேன்.