நீங்கள் தந்த ₹1,50,000: ஊற்றுத் தண்ணீர் வேலை முடிந்தது, கணக்கு இணைப்பில்

பொருள்: நாகலூர் மேல்பகுதி குடிநீர் வேலை – நன்றியும் செலவுக் கணக்கும்
தேதி: 16 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீங்கள் 2024 டிசம்பர் 11 அன்று அனுப்பிய ₹1,50,000-ல் ஏற்காடு நாகலூருக்கு மேலே இருக்கும் மலைக் குடியிருப்பில் ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கிவிட்டோம். 42 வீடுகளில் 38 வீட்டுக்காரர்கள் ஏப்ரல் 2-ஆம் தேதியிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள். எங்கள் குழு சார்பிலும் ஊரார் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

"பேரெல்லாம் வேண்டாம், பைசா எங்கே போச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்று போனில் சொன்னீர்கள். உருக்காலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவரிடம் பொத்தாம்பொதுவாகக் கணக்குச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஊற்றைப் பற்றி. ஜனவரியில் 15 லிட்டர் பக்கெட்டை வைத்துப் பார்த்தபோது நிரம்ப 75 விநாடி ஆனது. நிமிடத்துக்கு 12 லிட்டர். ஏப்ரல் 20-ல் அதே பக்கெட்டுக்கு 110 விநாடி ஆகிவிட்டது, அதாவது 8 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 11,800 லிட்டர். குடியிருப்பில் 165 பேர். ஆளுக்கு 55 லிட்டர் என்று வைத்தாலும் 9,075 லிட்டர் போதும். கோடையில் தாங்குமா என்ற உங்கள் கேள்விக்கு இந்த ஆண்டுக்கான பதில் இது. மழை பொய்க்கும் ஆண்டில் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டின் அளவுதான் சொல்லும். அதற்காக மாதம் ஒருமுறை பக்கெட் வைத்து அளந்து நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

ஊற்றுக்கண்ணைச் சுற்றி நாலடிக்கு நாலடி கல் கட்டடத்தில் மூடிய தொட்டி கட்டினோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தொட்டியை உயர்த்திக் கட்டினால் தண்ணீர் நிறைய நிற்கும் என்று கொத்தனார் ஆசைப்பட்டார். அப்படிச் செய்தால் நின்ற தண்ணீரின் எடை ஊற்றுக்கண்ணைப் பின்னுக்குத் தள்ளும். தண்ணீர் வேறு பக்கம் வழி கண்டுபிடித்துக்கொண்டு போய்விடும். ஒருமுறை போனால் திரும்ப வராது. அதனால் வழிந்தோடும் குழாயை ஊற்றுக்கண்ணுக்கு நான்கு விரற்கடை கீழேயே வைத்தோம். சேமிப்பெல்லாம் கீழே டேங்கில்தான்.

தொட்டியிலிருந்து டேங்க் வரை 520 மீட்டர், 34 மீட்டர் இறக்கம். டேங்கிலிருந்து நான்கு குழாயடிகளுக்கு 150 மீட்டர். 32 மி.மீ. கறுப்பு எச்டிபிஇ குழாய், 100 மீட்டர் சுருள் ஏழு வாங்கினோம். மீதி 30 மீட்டர் பழுதுக்கென ஊரிலேயே இருக்கிறது. குழாயை மார்ச் முதல் வாரத்திலேயே ஏற்றிவிட்டோம். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் மினி லாரி நகராது.

மண் இருக்கிற இடத்தில் ஒன்றரை அடி ஆழம் பதித்தோம். காட்டுமாடு மிதித்தால் மேலோட்டமாகக் கிடக்கும் குழாய் தப்பாது. பாறை வந்த மூன்று இடத்தில் தோண்ட முடியாமல் குழாயின் மேல் கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறோம். காபித் தோட்டத்தின் ஓரமாகப் போகும் பகுதிக்கு உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார். அதன் நகலும் இணைப்பில் உண்டு.

செலவு:

குழாய் 700 மீட்டர், மீட்டர் ₹46 – ₹32,200
5,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் – ₹31,500
வால்வு, இணைப்பான், டீ, எட்டு பித்தளைக் குழாய் – ₹11,450
சிமெண்ட் 26 மூட்டை, மூட்டை ₹350 – ₹9,100
எம்-சாண்டும் முக்கால் ஜல்லியும் – ₹8,900
8 மி.மீ. கம்பி 45 கிலோ – ₹2,790
மினி லாரி நான்கு நடை – ₹15,200
கொத்தனார் இருவர், ஒன்பது நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு ₹950 – ₹17,100
பள்ளம் தோண்டியது, 30 ஆள் கூலி, ₹450 வீதம் – ₹13,500
தண்ணீர்ப் பரிசோதனை இரண்டு முறை – ₹2,360
மொத்தம் ₹1,44,100. கையிருப்பு ₹5,900.

கூலி தவிர எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. கூலிக்கு ஆள் வருகைத் தாளில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியிருக்கிறோம். பள்ளம் தோண்ட உண்மையில் 60 ஆள் வேலை ஆனது. பாதியை ஊரார் கூலி வாங்காமல் செய்தார்கள். லாரி போகாத கடைசி 400 மீட்டருக்குச் சிமெண்டும் மணலும் தலைச்சுமையாகவே போயின. அந்தச் சுமைக்கும் அவர்கள் கூலி கேட்கவில்லை. லாரி நடைக் கூலி நாங்கள் போட்ட மதிப்பீட்டைவிட ₹3,200 கூடிவிட்டது. டேங்கை ஏற்றிய வண்டியில் வேறு சாமான் எதையும் வைக்க முடியாது என்பதைக் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டோம்.

இனி, சரியாக வராதவை. குழாய் பதித்து வால்வைத் திறந்த முதல் வாரம் தண்ணீர் இருமிக்கொண்டு விட்டு விட்டு வந்தது, பிறகு நின்றே போனது. காபித் தோட்டத்தை ஒட்டி நிலம் ஒரு திமிலாக ஏறி இறங்குகிறது. அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. மேட்டு உச்சியில் ஒரு டீ வைத்து, அரை அங்குல வால்வு போட்டு, காற்றைத் திறந்துவிட்டதும் சரியானது. இன்னொரு காரணமும் இருந்தது. இந்தக் குழாய் நிமிடத்துக்கு 40 லிட்டர் வரை இழுக்கும். ஊற்று தருவதோ பத்துப் பன்னிரண்டு. கீழே முழுக்கத் திறந்துவிட்டால் குழாய் தொட்டியைக் காலி செய்து காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஆகவே டேங்க் வாயிலில் உள்ள கேட் வால்வை முழுதாகத் திறப்பதில்லை, ஊற்றுத் தொட்டி எப்போதும் லேசாக வழியும் அளவுக்கே. வால்வுத் தண்டில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறோம். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனிக் கோடு.

மலையில் கரண்ட் இல்லாத இடத்தில் குழாயைச் சூடுபடுத்தி ஒட்ட முடியாது. முறுக்கு இணைப்பான்தான் வழி. ஆறு இணைப்பில் இரண்டு கசிந்தன. குழாய் முனை ரப்பர் வளையத்தைத் தாண்டிக் கடைசி வரை உள்ளே போகவில்லை. இப்போது முனையை நேராக அறுத்து, விளிம்பைச் சீவி, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று பேனாவால் குறித்துவிட்டுத்தான் முறுக்குகிறோம். கசிவு இல்லை.

முதல் பரிசோதனையில் கோலிஃபார்ம் கிருமி இருந்தது. தொட்டி சுத்தமாகத்தான் இருந்தது. மேலே பெய்த மழை, இலைக்குப்பையோடு பக்கச் சுவர் வழியாகச் சேர்ந்ததுதான் கோளாறு. தொட்டிக்கு மேல்புறம் பிறைபோல் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரை ஒதுக்கினோம். மூடியைச் சுற்றிச் சிமெண்ட் உதடு கட்டினோம். ஆடு மாடு வராதபடி எட்டு மீட்டருக்கு வேலி போட்டோம். இரண்டாவது பரிசோதனை தெளிவாக வந்தது.

அப்படியும் தினமும் குளோரின் போடுகிறார்கள். மகளிர் குழுவிலிருந்து இருவர் முறை வைத்துச் செய்கிறார்கள். 5,000 லிட்டருக்கு 40 கிராம் பிளீச்சிங் பவுடர். புதுப் பவுடரானால் 30 கிராமே போதும், ஆனால் பிரித்து வைத்த பவுடர் சத்துக் குறைந்துகொண்டே வரும். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலாக நிற்கும் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் விட்டுத்தான் குழாயைத் திறப்பார்கள். வாரம் ஒருமுறை கடைசிக் குழாயடியில் சோதனைக் குப்பியில் பார்த்து, மிஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று எழுதுகிறார்கள். ஆரம்பத்தில் "மருந்து நாத்தம்" என்று சிலர் முன்பு தண்ணீர் எடுத்த பழைய குழிக்கே போனார்கள். பவுடரைக் காலையில் போடாமல் ராத்திரியே போட ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. டேங்க் நிரம்பவும் கோடையில் பத்து மணி நேரம் ஆகிறது, ஆகவே இரண்டுக்கும் ராத்திரி தோதாகிவிட்டது.

உங்கள் அம்மாவின் பேரைக் கல்வெட்டில் போட வேண்டாம் என்றீர்கள். போடவில்லை. டேங்க் பீடத்தில் ஒரு சின்னக் கரும்பலகை மட்டும் இருக்கிறது. குளோரின் போட்ட தேதி, போட்டவர் கையெழுத்து, ஊற்றுத் தொட்டி வழிந்ததா இல்லையா, அவ்வளவுதான் அதில். சாக்பீஸ் மழையில் அழிந்துவிடுகிறது என்பதால் மேலே ஒரு தகரத் துண்டை வளைத்து அடித்திருக்கிறார்கள்.

நான்கு வீடுகளுக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை. அவை டேங்கைவிட உயரத்தில் இருக்கின்றன. டேங்கை மேலே தள்ளி வைக்கலாம் என்றால், ஐந்தாயிரம் லிட்டர் என்பது ஐந்து டன் எடை. அதைத் தாங்கும் கெட்டித் தரை வேறு இடத்தில் கிடைக்கவில்லை. பீடம் ஒரு பக்கம் இறங்கினால் டேங்க் வெடித்துவிடும். வரும் குழாயிலேயே மேட்டுக்கு முன்னால் ஒரு கிளை பிரித்து 500 லிட்டர் டேங்க் வைக்க முடியுமா என்று பார்க்கிறோம். அங்கே அழுத்தம் எப்படி வருகிறது என்று அளந்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும்.

பராமரிப்புக்கு வீட்டுக்கு மாதம் ₹30 வசூலிக்கிறார்கள். தண்ணீர் எட்டாத நான்கு வீடுகளிடம் வாங்குவதில்லை. வசூல் ₹1,140-ல் வால்வு பார்ப்பவருக்கு ₹600, பவுடருக்கு ஏறக்குறைய ₹150, மீதி சேமிப்பு. கையிருப்பு ₹5,900-ஐ அந்த நான்கு வீட்டு வேலைக்கென வைத்துக்கொள்ளலாமா என்று உங்களைக் கேட்கிறோம். வேறு எண்ணம் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், அப்படியே செய்கிறோம். உங்கள் பதில் வரும்வரை அதைத் தொட மாட்டோம்.

வரிச் சலுகைக்கான படிவம் 10BE இணைப்பில் உள்ளது. பான் எண்ணும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிழை இருந்தால் திருத்திய விவரம் நாங்கள்தான் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் புதிய வரி முறையில் கணக்குக் காட்டுபவராக இருந்தால் 80ஜி கழிவு கிடைக்காது. பழைய முறை என்றால் ஆடிட்டரிடம் இந்தப் படிவத்தைக் கொடுங்கள்.

மேலே வந்து பார்க்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், ஏற்காடு ரோட்டில் கூட்டம் அதிகம். காலை ஏழு மணிக்குள் வந்தால் டேங்கைத் திறக்கும் நேரம் பார்க்கலாம். கடைசி 400 மீட்டர் நடைதான். இப்போது மழை ஈரத்தில் அட்டை உண்டு, கொஞ்சம் உப்பும் காலுக்குச் சாக்ஸும் கொண்டு வாருங்கள். முழங்கால் வலி பற்றிச் சொன்னீர்கள். நடக்க முடியாது என்றால் குழாயடி வரை ஜீப் வரும், அதற்கு ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்
செயலாளர், பொருளாளர்
மலைக் குடிநீர்க் குழு, சேலம்

இணைப்பு: ரசீதுகள், ஆள் வருகைத் தாள், இரண்டு பரிசோதனை அறிக்கை, தோட்ட அனுமதிக் கடிதம், படிவம் 10BE, படங்கள் ஒன்பது