பெங்களூரிலிருந்து அத்தைக்கு

பெங்களூரு,
ஆனி 10

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே இருவரும் நலம். உங்கள் நலமும், மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா என்பதும் அறிய ஆவல்.

போனில் தினமும் பேசுகிறோம். ஆனாலும் பக்கத்தில் அவர் இருப்பார், அல்லது குக்கர் விசில் அடிக்கும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நன்றி. கல்யாணம் முடிந்து பாளையங்கோட்டையில் இருந்த பதினோரு நாளில் என்னை அடுக்களைக்குள் தள்ளிவிடாமல், முதல் நாள் பால் மட்டும் காய்ச்சச் சொன்னீர்கள். அடுத்த நாள் ரசம் தாளிக்க, அதற்கடுத்த நாள் தேங்காய் துருவ என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தீர்கள். எந்தத் தூக்குவாளி எதற்கு, கருப்பட்டி எந்தப் பானையில் என்று எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. மூன்றாம் நாள் எனக்கு இடுப்பு வலி என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்தீர்களே, அதை மறக்க மாட்டேன். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் அந்தச் சோறு பழக்கத்தில் இல்லை. கறுப்பு உளுந்து, வெந்தயம், பூண்டு, தேங்காய் எல்லாம் போட்டீர்கள் என்று தெரியும், அளவு தெரியவில்லை. ஒரு உழக்கு அரிசிக்கு எவ்வளவு உளுந்து, எத்தனை உழக்குத் தண்ணீர் என்று எழுதி அனுப்புங்கள். மாதா மாதம் நானே செய்துகொள்வேன்.

ஊருக்குக் கிளம்பும்போது உங்கள் பித்தளை உழக்கை வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தது பெரிய உதவி. உங்கள் அளவெல்லாம் உழக்கில்தான் இருக்கிறது. கடையில் விற்கிற கப்பை வைத்து அளந்திருந்தால் நீங்கள் சொன்ன எந்தக் கணக்கும் எனக்கு ஒத்துவந்திருக்காது.

இப்போது மாவு விஷயம். நீங்கள் சொன்னபடி நாலு உழக்கு இட்லி அரிசி, ஒரு உழக்கு உருட்டு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உளுந்தைத் தனியாக அரைமணி நேரத்துக்கு மேல், தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டுகிறேன். இங்கே இரவில் குளிர்ந்துவிடுவதால் முதல் தடவை பத்து மணி நேரம் வைத்தும் மாவு அசையவே இல்லை. இப்போது உப்பு போட்டுக் கையால் கலக்கி, பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அண்டாவுக்குள் இறக்கி, மேலே கம்பளியைப் போர்த்தி வைக்கிறேன். பதிமூன்று மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. பொங்கியும் இட்லி தட்டையாகத்தான் வருகிறது. அரிசியை மைய அரைத்துவிடுகிறேனோ, தண்ணீர் கூடிவிடுகிறதோ என்று சந்தேகம். உங்கள் அரிசி மாவு விரலில் தேய்த்தால் ரவை போல நெருநெருவென்று இருந்தது நினைவிருக்கிறது. அந்தப் பதம் எத்தனை நிமிஷத்தில் வரும்? உளுந்தையும் அரிசியையும் ஒன்றாகக் கலந்த பிறகு கரண்டியிலிருந்து எப்படி விழ வேண்டும்?

சொதி இன்னும் கைக்கு வரவில்லை. போன ஞாயிறு செய்ததில் பால் திரிந்துவிட்டது. மூன்றாம் பாலில் காய்கறியை வேகவைத்தேன், இரண்டாம் பாலும் பாசிப்பருப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டேன், அதுவரை சரி. தலைப்பாலை ஊற்றிய பிறகும் அடுப்பைக் குறைக்காமல் விட்டதும், அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சை பிழிந்ததும்தான் தப்பு என்று நினைக்கிறேன். அடுத்த தடவை இறக்கி வைத்து, சூடு சற்று அடங்கியதும் பிழிகிறேன். ஒரு பெரிய தேங்காய்க்கு எத்தனை பழம் என்று மட்டும் சொல்லுங்கள். இஞ்சித் துவையலில் நீங்கள் புளி எவ்வளவு வைப்பீர்கள்? என்னுடையது காரம் தூக்கலாகிவிடுகிறது.

அவருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதை உங்களைவிட யார் சொல்ல முடியும்? கத்தரிக்காய் சாப்பிட்டால் கை அரிக்கிறது என்கிறார், ஆனால் எண்ணெய்க் கத்தரிக்காய் கேட்கிறார். சிறு வயதிலிருந்தே அப்படியா? தலைவலி வந்தால் மாத்திரைக்கு முன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

அடுத்தது ஆடி. இதில் உங்கள் வழக்கப்படி நடக்க ஆசைப்படுகிறேன், அதனால் இப்போதே கேட்கிறேன். எங்கள் அம்மா வீட்டில் ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் மஞ்சள் சரடு மாற்றுவார்கள். கல்யாணச் சரட்டைப் பிரித்துத் தங்கத்தில் கோர்ப்பதையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்கிறார்கள். நம் வீட்டில் மூன்றாம் மாதமா, ஐந்தாம் மாதமா? ஆடியில் செய்யலாமா, ஆவணி பிறக்க வேண்டுமா? காசும் குண்டும் எத்தனை கோர்ப்பது, இரண்டு வீட்டில் யார் எதை வாங்குவது என்பதை நீங்களே அம்மாவிடம் பேசிவிட்டால் நல்லது. நான் நடுவில் நின்று சொன்னால் ஏதாவது விட்டுப்போய், பிறகு இரு பக்கமும் மனவருத்தம் வரும்.

ஆடிச் செவ்வாயில் ஔவையார் நோன்பு இருப்பீர்கள் என்று மதினி சொன்னார்கள். ஆண்கள் கண்ணில் படாமல், உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்து, இரவில் பெண்கள் மட்டும் கூடுவது என்று கேட்டதிலிருந்து அதைக் காண வேண்டும் என்று இருக்கிறது. புதுப்பெண் ஆடியில் தாய்வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் இந்த வருஷம் முடியாதென்றால், தை மாதச் செவ்வாய்க்கு நான் வரலாமா? நாகர்கோவில் ரயிலுக்கு 60 நாள் முன்பே டிக்கெட் எடுக்கலாம், நாளைச் சொன்னால் போதும். தலை தீபாவளிக்குத் தஞ்சாவூர் போகும்போது, அங்கிருந்து அப்படியே பாளையங்கோட்டை வந்து மூன்று நாள் தங்கலாம் என்று நினைத்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு விஷயம், இவை மனசுக்குள்ளேயே கிடந்தவை.

அவர் மாதா மாதம் 5-ம் தேதி உங்களுக்கு அனுப்பும் பணம் எப்போதும் போல வரும். என் சம்பளமும் வருவதால் வீட்டு வாடகைக்கு அதில் கைவைக்க வேண்டிய அவசியம் இல்லை. மாமாவின் மருந்துச் செலவு கூடினால் தயங்காமல் என்னிடமே சொல்லுங்கள்.

மற்றது, "விசேஷம் உண்டா?" என்று இப்போதே இரண்டு பேர் போனில் கேட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் போகட்டும் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறோம். உங்களுக்கு இதில் வேறு எண்ணம் இருந்தால் அதை உங்கள் வாயாலேயே கேட்க விரும்புகிறேன். சம்மதம் என்றால், சொந்தக்காரர்கள் கேட்கும்போது என்ன பதில் சொல்லட்டும் என்று சொல்லித் தாருங்கள். பெரியவர்கள் மனம் கோணாமல் பேச உங்களுக்குத் தெரியும், எனக்கு வார்த்தை தடுமாறுகிறது.

என்னிடம் தப்பு கண்டால் அவர் மூலமாகச் சொல்லி அனுப்பாமல் நேராக என்னிடமே சொல்லுங்கள், அத்தை. அவர் என் மனசு நோகக் கூடாதென்று பாதியை விழுங்கிவிடுகிறார், எதைத் திருத்துவது என்றே எனக்குப் புரிவதில்லை. எட்டரைக்கு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். இரவு எட்டு மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். ஞாயிறு காலை மாவாட்டும் நேரத்தில் வீடியோவில் வந்தால் பதத்தையும் காட்டிவிடுவேன்.

சாம்பார்ப் பொடி இன்னும் மூன்று வாரத்துக்கு வரும். அதற்குள் வறுக்கும் பக்குவத்தை எழுதிவிடுங்கள், இந்தத் தடவை நானே திரித்துப் பார்க்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்
செல்வி