கேள்வியில் ஒளிந்திருக்கும் அந்த ஒரு சொல்: கிளவுட், சைபர் பாதுகாப்புச் சான்றிதழ் தேர்வுக்கான பயிற்சி வினாக்கள்

நம் குழுவின் மூன்றாவது மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். யாருக்கும் பாடம் தெரியாமல் இல்லை. ஏஇஎஸ் என்றால் என்ன, ஃபிஷிங் என்றால் என்ன என்று தனித்தனியாகக் கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுகிறீர்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் தடுமாறுகிறீர்கள். அதனால் அதிகம் பேர் தவறவிட்ட இடங்களிலிருந்து மட்டும் இந்தத் தாளைத் தயாரித்திருக்கிறேன். விடையைக் கையால் மூடிக்கொண்டு படியுங்கள். நான்கு தெரிவுகளுமே நல்ல விஷயங்களாகத்தான் இருக்கும். கேட்டதற்குப் பொருந்துவது ஒன்றுதான்.

வினா 1

ஒரு நிறுவனம் வாடிக்கையாளர் கோப்புகளை எச்டிடிபிஎஸ் வழியாகக் கிளவுட் சேமிப்பகத்துக்கு ஏற்றுகிறது. "தரவு மையத்திலிருந்து ஒரு வட்டையே யாராவது கழற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும்?" என்று தணிக்கையாளர் கேட்கிறார். இதற்குப் பதிலாக அமையும் பாதுகாப்பு எது?

அ) டிஎல்எஸ் 1.3
ஆ) சேமிப்பில் இருக்கும் தரவுக்கான ஏஇஎஸ்-256 குறியாக்கம்
இ) விபிஎன் இணைப்பு
ஈ) எஸ்எச்ஏ-256 ஹேஷ்

விடை: ஆ

"வட்டு" என்ற சொல்லே விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. டிஎல்எஸ்ஸும் விபிஎன்னும் தரவு பயணத்தில் இருக்கும்போது காப்பவை. வட்டில் போய் உட்கார்ந்த பிறகு அவற்றின் வேலை முடிந்தது.

இதே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள்: "நிர்வாகியின் கடவுச்சொல் திருடப்பட்டு, அதன் வழியாகக் கோப்புகள் பதிவிறக்கப்பட்டன. சேமிப்பகக் குறியாக்கம் இதைத் தடுத்திருக்குமா?" பெரும்பாலும் தடுக்காது. கோப்பையும் அதன் சாவியையும் பயன்படுத்த உரிமையுள்ள கணக்கு கேட்டால், சேமிப்பகமே குறியாக்கத்தை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிடும். அங்கே தேவைப்பட்டது பல காரணி அங்கீகாரம். அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் 2023 ஜனவரி முதல் புதிய கோப்புகள் எல்லாம் தானாகவே குறியாக்கம் செய்யப்படுகின்றன. ஆனாலும் பொதுவில் திறந்துவைத்த பக்கெட்டை அது காப்பாற்றாது.

வினா 2

இதற்கு முன் எந்த ரகசியச் சாவியையும் பகிர்ந்துகொள்ளாத இரண்டு கணினிகள் 4 ஜிபி கோப்பு ஒன்றை இணையம் வழியாகப் பாதுகாப்பாகவும் வேகமாகவும் பரிமாற வேண்டும். சிறந்த முறை எது?

அ) சமச்சீர் குறியாக்கம் மட்டும்
ஆ) சமச்சீரற்ற குறியாக்கம் மட்டும்
இ) இரண்டும் சேர்ந்த கலப்பு முறை
ஈ) ஹேஷிங்

விடை: இ

"ஏற்கனவே சாவி இல்லை" என்பது ஒரு நிபந்தனை, "வேகமாக" என்பது இன்னொன்று. முதலாவதைப் பார்த்ததும் "ஆ" என்று குறித்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். பொதுச் சாவி, தனிச் சாவி என்று இரண்டு சாவிகள் கொண்ட முறை அறிமுகமில்லாதவர்களுக்கு இடையிலும் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் 2048 பிட் ஆர்எஸ்ஏவில், இன்று பரிந்துரைக்கப்படும் ஓஏஇபி முறையில் எஸ்எச்ஏ-256 சேர்த்தால், ஒரே தடவையில் குறியாக்கக்கூடியது அதிகபட்சம் 190 பைட்தான். அதில் 4 ஜிபியை எங்கே அடைப்பது? ஒரு ஏஇஎஸ் சாவி வெறும் 16 அல்லது 32 பைட். அது தாராளமாக அடங்கும். எனவே சமச்சீரற்ற முறையால் ஒரு சிறிய சாவியை ஒப்புக்கொண்டு, அந்தச் சாவியால் முழுக் கோப்பையும் ஏஇஎஸ்ஸில் பூட்டுகிறார்கள்.

கிளவுட் தாளில் "உறை குறியாக்கம்" என்று வந்தால் இதன் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவைப் பூட்ட ஒரு சாவி, அந்தச் சாவியைப் பூட்ட இன்னொரு சாவி. ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ்ஸில் சமச்சீர்ச் சாவியால் நேரடியாகக் குறியாக்கக்கூடிய அளவு 4 கேபி மட்டுமே என்பதால், பெரிய கோப்பு என்றாலே உறைதான்.

வினா 3

பெறுநர் மட்டுமே படிக்கும்படி ஒரு செய்தியை அனுப்ப, அனுப்புநர் எந்தச் சாவியால் குறியாக்க வேண்டும்?

அ) அனுப்புநரின் தனிச் சாவி
ஆ) அனுப்புநரின் பொதுச் சாவி
இ) பெறுநரின் தனிச் சாவி
ஈ) பெறுநரின் பொதுச் சாவி

விடை: ஈ

கேள்வி "இது அனுப்புநரிடமிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க" என்று மாறினால் விடை "அ". அது டிஜிட்டல் கையொப்பம். திறக்க வேண்டியவர் யார், அவரிடம் மட்டும் இருப்பது எது என்று கேட்டுக்கொண்டால் போதும். "இ"யைத் தேர்ந்தெடுத்த இருவருக்கும்: பெறுநரின் தனிச் சாவி அனுப்புநர் கையில் இருந்தால், அதுவே ஒரு பாதுகாப்பு விபத்து!

வினா 4

அமைப்புக் கோப்பு ஒன்றில் இந்த வரி கிடைக்கிறது:

```
db_pass: cGFzc3dvcmQ=
```

கடவுச்சொல் இங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது?

அ) குறியாக்கம் செய்யப்பட்டு
ஆ) ஹேஷ் செய்யப்பட்டு
இ) என்கோடிங் செய்யப்பட்டு
ஈ) டோக்கனாக மாற்றப்பட்டு

விடை: இ

கடைசியில் வரும் = குறியைப் பாருங்கள். பேஸ்64ல் அடிக்கடி பார்க்கும் வால் அது. கீழே உள்ளதை நீங்களே ஓட்டிப் பாருங்கள்:

```
echo 'cGFzc3dvcmQ=' | base64 -d
```

`password` என்று வந்து நிற்கும். சாவி எதுவும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? சாவி இல்லாமல் எவரும் திருப்பிவிடலாம் என்றால் என்கோடிங். சாவி இருந்தால் மட்டும் திருப்பலாம் என்றால் குறியாக்கம். திருப்புவதற்கு என்றே வழி கிடையாது என்றால் ஹேஷ். குபர்நெட்டீஸில் "சீக்ரெட்" என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்துப் பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தனியாக அமைக்காவிட்டால் அதுவும் பேஸ்64 வேடம் மட்டுமே, உள்ளே குறியாக்கம் இருக்காது.

வினா 5

பயனர்களின் கடவுச்சொற்களைத் தரவுத்தளத்தில் வைக்க எது மிகப் பொருத்தம்?

அ) ஏஇஎஸ்-256
ஆ) எஸ்எச்ஏ-256
இ) பிகிரிப்ட்
ஈ) பேஸ்64

விடை: இ

"ஆ" ஹேஷ்தான், ஆனால் மிக வேகமானது. நமக்கு வசதியான அந்த வேகம், கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பவனுக்கும் வசதி. பிகிரிப்ட் வேண்டுமென்றே மெதுவாக ஓடும், ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் தனி உப்பு சேர்க்கும்.

வினா 6

கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு, தலைமைச் செயல் அதிகாரியின் பெயரில் மின்னஞ்சல் வருகிறது. ஊழியரின் பெயர், அவர் அன்று கையாளும் விற்பனையாளரின் பெயர் இரண்டையும் சரியாகக் குறிப்பிட்டு, உடனே பணம் அனுப்பச் சொல்கிறது. அனுப்பியவர் அதிகாரி அல்ல. இது எந்த வகை?

அ) வேலிங்
ஆ) ஸ்பியர் ஃபிஷிங்
இ) ஃபார்மிங்
ஈ) விஷிங்

விடை: ஆ

இந்த வினாவில் பாதிக்கு மேற்பட்டோர் "வேலிங்" என்று போட்டிருந்தீர்கள். தலைமை அதிகாரி என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக அங்கே போய்விடுகிறது. வேலிங் என்பது திமிங்கில வேட்டை. திமிங்கிலம் இரையாக இருக்க வேண்டும், தூண்டில்காரன் போட்டிருக்கும் முகமூடியாக அல்ல. இங்கே இரை கணக்குப் பிரிவு ஊழியர். அவரைப் பற்றி விசாரித்து அவருக்காகவே தைத்த மின்னஞ்சல் என்பதால் ஸ்பியர் ஃபிஷிங். இதே மின்னஞ்சல் நிதித் தலைமை அதிகாரிக்குப் போயிருந்தால் வேலிங். தெரிவுகளில் "வணிக மின்னஞ்சல் மோசடி" என்று ஒன்று இருந்து, பணப் பரிமாற்றக் கோரிக்கையும் வந்தால் அதுவே இன்னும் நெருக்கமான விடை. இந்தத் தாளில் அது இல்லை.

வழியை வைத்துப் பெயர் மாறுவதை இங்கேயே முடித்துவிடலாம்: குரல் அழைப்பு என்றால் விஷிங், குறுஞ்செய்தி என்றால் ஸ்மிஷிங், கியூஆர் கோடு என்றால் குவிஷிங். கேள்வியில் தொலைபேசி என்று மட்டும் பார்த்துவிட்டு விஷிங் எனப் போடாதீர்கள். பேசினார்களா, எழுதினார்களா என்று பாருங்கள்.

வினா 7

பயனர் தன் வங்கியின் முகவரியைப் பிழையில்லாமல் தானே தட்டச்சு செய்கிறார். ஆனாலும் போலித் தளத்துக்குப் போய்ச் சேர்கிறார். என்ன நடந்திருக்கலாம்?

அ) டைப்போஸ்குவாட்டிங்
ஆ) ஃபார்மிங்
இ) ஸ்பியர் ஃபிஷிங்
ஈ) ஸ்மிஷிங்

விடை: ஆ

"பிழையில்லாமல்" என்ற சொல் "அ"வை வெட்டுகிறது. "தானே" என்ற சொல் மற்ற இரண்டையும் வெட்டுகிறது. டிஎன்எஸ் பதிலையோ கணினியின் `hosts` கோப்பையோ கெடுத்து வழியையே மாற்றியிருக்கிறார்கள்.

வினா 8

ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு வலை சேவையகம். அதன் செக்யூரிட்டி குரூப்பில் உள்வரும் 443 அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வெளிச்செல்லும் விதி எதுவும் இல்லை. சப்நெட்டின் நெட்வொர்க் ஏசிஎல் இப்படி இருக்கிறது:

```
Inbound
100   TCP 443   0.0.0.0/0   ALLOW
*     ALL       0.0.0.0/0   DENY

Outbound
*     ALL       0.0.0.0/0   DENY
```

உலாவியில் பக்கம் திறக்கவில்லை. எதைச் சேர்க்க வேண்டும்?

அ) செக்யூரிட்டி குரூப்பில் வெளிச்செல்லும் 443
ஆ) செக்யூரிட்டி குரூப்பில் வெளிச்செல்லும் 1024-65535
இ) ஏசிஎல்லில் வெளிச்செல்லும் 443
ஈ) ஏசிஎல்லில் வெளிச்செல்லும் 1024-65535

விடை: ஈ

இந்த வினாவில் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. செக்யூரிட்டி குரூப்புக்கு ஞாபகம் உண்டு. உள்ளே விட்ட கோரிக்கைக்கான பதிலை, வெளிச்செல்லும் விதி இல்லாவிட்டாலும் போக விடும். ஆக அ, ஆ இரண்டும் போயின. ஏசிஎல்லுக்கு ஞாபகம் கிடையாது. சற்று முன் உள்ளே போன அதே உரையாடலின் பதில்தான் இது என்பது அதற்குத் தெரியாது. வெளிச்செல்லும் விதியைப் புதிதாகத் தேடும்.

சரி, அப்படியானால் "இ" ஏன் தவறு? பதில் பொட்டலம் சேவையகத்தின் 443லிருந்து கிளம்புகிறது. போய்ச் சேரும் இடம் உலாவி தற்காலிகமாகத் திறந்த போர்ட், உதாரணமாக 51514. வெளிச்செல்லும் விதி பார்ப்பது சேருமிடத்தின் போர்ட்டை. அதனால்தான் அந்த நீளமான எண் வரிசை.

துணைக் கேள்வி: 203.0.113.25 என்ற ஒரே முகவரியை மட்டும் தடுக்க வேண்டும். செக்யூரிட்டி குரூப்பால் முடியாது, அதில் அனுமதி விதிகள் மட்டுமே உண்டு. ஏசிஎல்லில் தடை விதி போடலாம். எண் 110 கொடுத்தால் வீண்; சிறிய எண்ணிலிருந்து பார்த்துக்கொண்டு வருவதால் 100லேயே அனுமதி கிடைத்துவிடும். 90 கொடுங்கள்.

வினா 9

443 போர்ட் மட்டுமே திறந்திருக்கும் தளம் ஒன்றின் தேடல் பெட்டியில் `' OR '1'='1` என்று யாரோ அனுப்புகிறார்கள். இதைத் தடுக்க ஏற்றது எது?

அ) பொட்டல வடிகட்டி ஃபயர்வால்
ஆ) ஸ்டேட்ஃபுல் ஃபயர்வால்
இ) வலைப் பயன்பாட்டு ஃபயர்வால்
ஈ) ஐடிஎஸ்

விடை: இ

முதல் இரண்டுக்கும் இது அனுமதித்த போர்ட்டில் வந்த ஒழுங்கான இணைப்பு. கடித உறையின் முகவரியை மட்டும் பார்ப்பவருக்கு உள்ளே எழுதியிருப்பது தெரியாது. வலைப் பயன்பாட்டு ஃபயர்வால் கோரிக்கையைப் பிரித்துப் படிக்கிறது. அதற்காக டிஎல்எஸ் குறியாக்கம் அதனிடமோ அதற்கு முன்னாலோ அவிழ்ந்திருக்க வேண்டும். "ஈ" இதைக் கண்டுபிடிக்கக்கூடும், ஆனால் மணியடிப்பதோடு சரி. கேள்வியில் இருந்தது "தடுக்க".