கோட்பாட்டுத் தேர்வில் கூடுதல் நேரம் கோரி

தேர்வுக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். சமையல் கலைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதவிருக்கும் என் மாணவிக்கு (தேர்வு எண் 417) டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளது. மூன்று மணி நேரத் தேர்வில் அவருக்கு 45 நிமிடம் கூடுதலாக அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாடம் அவருக்கு நன்றாகவே தெரியும். ஜூலியன், ப்ருனுவாஸ் இரண்டையும் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிக் காட்டுவார். தாளில் அதே பெயர்களை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார். பிரெஞ்சுச் சொற்கள் யாருக்குமே கொஞ்சம் தொல்லைதான். இவருக்கு ஒரு கேள்வியையே மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது. போன மாத மாதிரித் தேர்வில் 63 டிகிரியை 36 என்று எழுதிவிட்டார். வாய்மொழியாகக் கேட்டதும் சரியாகச் சொன்னார். எழுதியதைத் திரும்பப் பார்க்க நேரம் இருந்திருந்தால் அவரே திருத்தியிருப்பார். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை.

வகுப்புத் தேர்வுகளில் இதே அளவு கூடுதல் நேரம் கொடுத்துவருகிறோம். எல்லாக் கேள்விகளையும் முடித்துவிடுகிறார். உளவியலாளரின் மதிப்பீட்டு அறிக்கையை இணைத்துள்ளேன். அப்புறம், முடிந்தால் வினாத்தாளைப் பெரிய எழுத்தில் தந்தால் உதவியாக இருக்கும்.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே முடிவு தெரிந்தால் அவர் அதற்கேற்பப் பயிற்சி எடுத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
சமையல் கலைக் கோட்பாட்டு ஆசிரியர்