எல்லைத் தகராறு வழக்கில் சமரசத் தீர்வு ஒப்பந்தம்

மேலூர் மாவட்ட உரிமையியல் நீதிமன்ற அசல் வழக்கு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 89ன் கீழ் சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டது
ஒப்பந்த நாள்: 20.09.2024

வாதி: பெரியகருப்பன்
பிரதிவாதிகள்: 1. சின்னம்மாள், 2. அவர் மகன் இளங்கோ

இரு தரப்பும் பங்காளிகள். புதுப்பட்டி கிராமம் புல எண் 212/3 (மேற்கு நிலம்) வாதிக்கும், 212/4 (கிழக்கு நிலம்) பிரதிவாதிகளுக்கும் 1994ஆம் ஆண்டு பாகப்பிரிவினைப்படி பாத்தியப்பட்டவை. இரண்டு நிலத்துக்கும் நடுவே உள்ள வடக்கு தெற்கு எல்லைதான் தகராறு. வழக்கறிஞர் ஆணையரும் வட்ட நில அளவரும் 14.02.2024 அன்று இரு தரப்பையும் உடன் வைத்துக்கொண்டு அளந்தார்கள். பிரதிவாதிகளின் கம்பி வேலி வடக்கு முனையில் சரியாக நிற்கிறது. தெற்கே போகப் போக மேற்காகச் சாய்ந்து, தெற்கு முனையில் 1.80 மீட்டர் உள்ளே வந்திருக்கிறது. இந்த முக்கோணத் துண்டு 56.16 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1.39 சென்ட். இந்த அளவை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள். இனி யாரும் மறு அளவு கேட்பதில்லை.

1. எல்லைக் கோடு

புல வரைபடத்தில் உள்ள கோடே எல்லை. வாய்க்கால் கரையை ஒட்டி இப்போதும் இருக்கும் பழைய சர்வே கல் ‘கல் 1’. அதிலிருந்து தெற்கே நேர்கோட்டில் 20.80 மீட்டரில் கல் 2, 41.60 மீட்டரில் கல் 3, 62.40 மீட்டரில் பாதையோரத்தில் கல் 4. தெற்கு முனையின் பழைய கல் காணாமல் போனதுதான் இந்த வழக்கின் தொடக்கம். அதனால் கல் 4க்கு இன்னொரு அளவும் சேர்க்கப்படுகிறது: வாதி நிலத்தின் தென்மேற்கு மூலைக் கல்லிலிருந்து கிழக்கே 28.60 மீட்டர். நாளைக்கு ஒரு கல் விழுந்தாலும் மற்றதை வைத்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். வேப்பமரம், வரப்பு, பழைய வேலிக்கால் எதுவும் எல்லை அடையாளமாகக் கொள்ளப்படாது. ஆணையரின் வரைபடம் இரு தரப்பின் ஒப்பத்துடன் இணைக்கப்பட்டு டிக்ரியின் பகுதியாக இருக்கும்.

2. கல் நடுதல்

டிக்ரி நாளிலிருந்து 30 நாளுக்குள் கல் 2, 3, 4 நில அளவரைக் கொண்டு நடப்பட வேண்டும். செலவு சரிபாதி. அறிவிப்பு கிடைத்தும் ஒரு தரப்பு வராவிட்டால், மற்றவர் முன்னிலையில் நட்ட கல்லே செல்லும்.

3. வேலியை அகற்றுதல்

டிக்ரி நாளிலிருந்து 60 நாளுக்குள் பிரதிவாதிகள் தங்கள் செலவில் பழைய வேலியையும் கால்களையும் அகற்றி, ஷரத்து 5ல் சொல்லும் மோட்டார் அறை நிற்கும் இடம் நீங்கலாக, அந்தத் துண்டு நிலத்தை வாதியிடம் காலியாக ஒப்படைக்க வேண்டும். கம்பியும் கால்களும் பிரதிவாதிகளுக்கே சொந்தம். குழிகளை மண் போட்டு மூடித் தர வேண்டும். நிலம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, கற்களை இணைக்கும் கோட்டில் புது வேலியை வாதி போட்டுக்கொள்வார். பிரதிவாதிகள் தடுக்கக் கூடாது.

4. தென்னை மரங்கள்

கல் 3க்கும் கல் 4க்கும் இடையே, ஒப்படைக்கும் துண்டில் பிரதிவாதிகள் வைத்து வளர்த்த மூன்று தென்னைகள் காய்ப்பில் உள்ளன. அவற்றை வெட்டக் கூடாது. மரங்கள் வாதியைச் சேரும். அதற்கு ஈடாக வாதி ரூ.18,000 தொகையை டிக்ரி நாளிலிருந்து 45 நாளுக்குள் நீதிமன்றத்தில் செலுத்துவார். முதல் பிரதிவாதி அதைப் பெற்றுக்கொள்ளலாம். தவறினால் 46ஆம் நாளிலிருந்து ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் அவர் வசூலித்துக்கொள்ளலாம். ஒப்படைக்கும் நாள் வரை விழும் காய் பிரதிவாதிகளுக்கே.

5. மோட்டார் அறை

கல் 1லிருந்து 33.10 மீட்டர் முதல் 36.30 மீட்டர் வரை பிரதிவாதிகளின் மோட்டார் அறைச் சுவர் எல்லையைத் தாண்டி 0.45 மீட்டர் மேற்கே நிற்கிறது. இடித்தால் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரையும் மின் இணைப்பையும் மாற்ற வேண்டிவரும். ஆகவே இப்போதுள்ள கட்டடம் நிற்கும்வரை அது அங்கே இருக்க வாதி அனுமதிக்கிறார். இடையில் அந்த அனுமதியைத் திரும்பப் பெறமாட்டார். இது அனுமதி மட்டுமே, உரிமை அல்ல. அந்த 1.44 சதுர மீட்டர் வாதியின் நிலம்தான். எத்தனை வருடம் ஆனாலும் அனுபவ பாத்தியம் கோர முடியாது. அறை இடிந்தாலோ இடிக்கப்பட்டாலோ எல்லைக்குள்தான் திரும்பக் கட்ட வேண்டும். மேற்கே கூரையை நீட்டுவதோ ஜன்னல் வைப்பதோ கூடாது. சுவர்ப் பூச்சு வேலைக்கு மூன்று நாள் முன்பு சொல்லிவிட்டு பிரதிவாதிகள் வாதி நிலத்துக்குள் வரலாம்.

6. நிரந்தரத் தடை

மேற்படி அறையைத் தவிர, எந்தத் தரப்பும் எல்லைக் கோட்டைத் தாண்டி வேலி போடவோ, உழவோ, மரம் வைக்கவோ, எல்லைக் கல்லைப் பிடுங்கவோ கூடாது என இரு தரப்புக்கும் எதிராக நிரந்தர உறுத்துக்கட்டளை பிறப்பிக்க ஒப்புக்கொள்கிறார்கள்.

7. தவறினால்

ஒவ்வொரு கடமையும் தனித்தனியானது. பணம் வரவில்லை என்று வேலியை வைத்திருக்கவும், வேலி நிற்கிறது என்று பணத்தை நிறுத்தவும் முடியாது. ஒருவரை ஒருவர் காத்திருந்தே வருடங்கள் போய்விடும் என்பதால் இது வேண்டுமென்றே இப்படி எழுதப்படுகிறது. 60 நாளில் வேலி அகற்றப்படாவிட்டால் வாதி புது வழக்குப் போட வேண்டியதில்லை. நிறைவேற்று மனு மூலம், உத்தரவு 21 விதி 32ன்படி நீதிமன்ற அமீனாவைக் கொண்டு அகற்றி, செலவைப் பிரதிவாதிகளிடம் வசூலிக்கலாம். நிலத்தின் சுவாதீனத்தை விதி 35ன்படி பெறலாம். வேலியை அகற்றும் கட்டளைக்கு நிறைவேற்று மனு போட 3 ஆண்டே காலவரம்பு என்பது வாதிக்கும், நிரந்தரத் தடையை நிறைவேற்றக் காலவரம்பு இல்லை என்பது இரு தரப்புக்கும் எடுத்துச் சொல்லப்பட்டது.

8. பிற

பிரதிவாதிகள் தங்கள் எதிருரையில் கோரிய அனுபவ பாத்தியத்தைக் கைவிடுகிறார்கள். வாதி கடந்த கால நஷ்ட ஈட்டைக் கைவிடுகிறார். எல்லைக் கோடு புல வரைபடக் கோடே என்பதால் யாருடைய நிலமும் இன்னொருவருக்கு மாற்றப்படவில்லை; இரண்டு நிலமும் வழக்குச் சொத்தே. இந்த ஒப்பந்தம் வாரிசுகளையும் நிலத்தை வாங்குபவரையும் கட்டுப்படுத்தும்; விற்கும்போது இதன் நகலைக் கிரயப் பத்திரத்துடன் இணைக்க வேண்டும். வழக்குச் செலவு அவரவருக்கு. நீதிமன்றக் கட்டணத்தைத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் பிரிவு 69ஏ-யின்படி வாதி திரும்பப் பெறலாம்.

வாய்க்கால் தண்ணீர் முறை பற்றியும் பேசினோம். “சித்தப்பா முதலில் பாய்ச்சட்டும், அப்புறம் நாங்கள்” என்று இளங்கோ சொன்னார். வாதியும் சரி என்றார். அது நல்லெண்ணத்தில் சொன்னது. அளவும் நாளும் இல்லாத வாக்கை நீதிமன்றம் நிறைவேற்ற முடியாது என்பதால் டிக்ரி கேட்கும் ஷரத்துகளில் அது சேர்க்கப்படவில்லை.

உத்தரவு 23 விதி 3ன்படி ஷரத்து 1 முதல் 8 வரை டிக்ரி பிறப்பிக்க இரு தரப்பும் சேர்ந்து கோருகிறார்கள். சம்மத டிக்ரி என்பதால் மேல்முறையீடு கிடையாது என்பதை அறிவார்கள். முதல் பிரதிவாதிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால் முழு ஒப்பந்தமும் இரண்டு முறை வாசித்துக் காட்டப்பட்டது. மோட்டார் அறை ஷரத்தை அவர் மூன்றாவது முறையும் கேட்டு, புரிந்துகொண்டதாகச் சொல்லி ரேகை வைத்தார்.

(ஒப்பம்) பெரியகருப்பன், வாதி
(இடது பெருவிரல் ரேகை) சின்னம்மாள், முதல் பிரதிவாதி
(ஒப்பம்) இளங்கோ, இரண்டாம் பிரதிவாதி
(ஒப்பம்) வாதியின் வழக்கறிஞர்
(ஒப்பம்) பிரதிவாதிகளின் வழக்கறிஞர்
என் முன்னிலையில், (ஒப்பம்) சமரசர்