முகிலன் விடைத்தாள்: இயற்பியல் யூனிட் டெஸ்ட், 31/40

முகிலா, உன் அக்கா அனுப்பிய ஐந்து போட்டோவும் வந்தன. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன். அம்மை இறங்கிவிட்டது என்று அம்மா சொன்னார், ஆனாலும் இந்த வாரம் டியூஷனுக்கு வர வேண்டாம், அதனால்தான் தாளைக் கையில் கொடுத்துப் பேச வேண்டியதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போட்டோ பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டும் தெளிவு. மூன்றாவதில் போனின் நிழல் தாளின் குறுக்கே விழுந்திருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்துப் படித்துவிட்டேன். நான்காவதில் தாளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டுவிட்டது, ஐந்தாவதில் கடைசி நான்கு வரி ஆடிப்போய் மங்கல். தெரியாத இடத்தில் நானாக ஊகித்து மார்க் போடவில்லை, குறைக்கவும் இல்லை, நிலுவை என்று எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் ஒன்றரை மார்க் அப்படி நிற்கிறது.

ஒரு மதிப்பெண் (6/8)

1 சரி, 3 சரி, 5 சரி, 6 சரி, 8 சரி, தலைக்கு 1.

7க்கும் 1. முதலில் 4M என்று எழுதி அடித்துவிட்டு M என்று எழுதியிருக்கிறாய். அடித்ததை நான் கணக்கில் எடுக்க மாட்டேன், ஆனால் அடிக்கும்போது ஒரே கோடாக அடி. நீ கிறுக்கிய கிறுக்கில் போட்டோவில் பார்க்க 4M-ஐ வட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தது போல இருந்தது.

2: 0. ஒரு கிலோகிராம் விசைக்கு 980 டைன் என்று தேர்ந்தெடுத்திருக்கிறாய். 980 டைன் என்பது ஒரு கிராம் விசை. கிலோ என்றால் அதைப்போல ஆயிரம் மடங்கு, அதாவது 98 × 10⁴ டைன், நியூட்டனில் 9.8.

4: 0. கிலோவாட் மணி எதன் அலகு என்றதற்கு மின் திறன் என்று போட்டிருக்கிறாய். கிலோவாட் மட்டும் என்றால் திறன், அதை நேரத்தால் பெருக்கியதும் அது மின் ஆற்றல். இதில் எனக்குச் சிரிப்பு வந்தது எதனால் என்றால், 15ஆம் கணக்கில் வீட்டு மின் நுகர்வை kWh-இல் நீயே கச்சிதமாகப் போட்டிருக்கிறாய். கணக்கில் தெரிந்தது கட்டத்தில் தெரியவில்லை.

இரண்டு மதிப்பெண் (7.5/10)

9: 1.5. நிலைமத்தின் வரையறைக்கு 1 முழுசாக. வகைகளில் ஓய்வு, இயக்கம் இரண்டும் இருக்கின்றன, திசையில் நிலைமம் இல்லை. பஸ் வளைவில் திரும்பும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல் சாய்கிறாயே, அதுதான் விட்டுப்போனது.

10: 2. குறை ஒன்றும் இல்லை. அட்டவணையாகப் போட்டது நல்லது, திருத்துகிறவர் கண்ணில் சட்டென்று படும்.

11: 1.5. ஓம் விதியில் "மாறா வெப்பநிலையில்" என்ற இரண்டு சொல்லுக்கு விடைக்குறிப்பில் தனியாக அரை மார்க் வைத்திருக்கிறேன், அது உன் வரியில் இல்லை. V = IR எழுதியிருக்கிறாய், மூன்று எழுத்தும் எதைக் குறிக்கின்றன என்றும் சொல்லியிருக்கிறாய், அது சரி.

12: 1. வீட்டில் ஏன் பக்க இணைப்பு? ஒரு விளக்கு அணைந்தாலும் மற்றவை எரியும், இது சரி, 1. இரண்டாவது காரணமாக "மின்சாரம் மிச்சமாகும்" என்று எழுதியிருக்கிறாய், அது தப்பு. யோசித்துப் பார், தொடரில் போட்டால்தான் மொத்த மின்தடை கூடி மின்னோட்டம் குறையும், விளக்கும் மங்கி எரியும். விடைக்குறிப்பில் இருக்கும் காரணம் வேறு: ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரே மின்னழுத்தம் முழுதாகக் கிடைக்கிறது.

13: 1.5. 2.5-ஐ 5-ஆல் வகுத்து 0.5 என்று நிறுத்திவிட்டாய். 0.5 என்ன? மாம்பழமா? m s⁻¹ எழுதாததற்கு அரை போனது.

நான்கு மதிப்பெண் (7/8)

14: 3. இதைக் கொஞ்சம் நின்று பார். 4 Ω-உம் 12 Ω-உம் பக்க இணைப்பில், அதோடு 3 Ω தொடரில், மின்கலம் 12 V. நீ எழுதியது இது:

1/R = 1/4 + 1/12 = 4/12

இதுவரை சரி. அடுத்த வரியில் R = 4/12 = 0.33 Ω என்று போட்டுவிட்டாய். அது 1/R, R இல்லை. தலைகீழாகத் திருப்பியிருந்தால் 12/4 = 3 Ω. விடைக்குறிப்பில் இந்தப் படிக்கு 1.5, உனக்கு 0.5 கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு உன் தப்பான 0.33-ஐ வைத்தே 3.33 Ω என்று கூட்டி, 12-ஐ அதனால் வகுத்து 3.6 A என்று கொண்டுவந்திருக்கிறாய். விடை 6 Ω, 2 A. ஆனால் முறை சரி, கூட்டலும் வகுத்தலும் சரி, ஒரு தப்புக்கு ஒரு முறைதான் தண்டனை, அதனால் அந்த இரண்டு படிக்கும் முழு மார்க், 1-உம் 1.5-உம். எல்லாரும் இப்படிப் போட மாட்டார்கள், இறுதி விடை தப்பு என்றதும் அதற்கு உரியதைக் குறைக்கிறவர்களும் உண்டு, அதை நம்பி இருக்காதே.

இதில் ஒரு விஷயம். பக்க இணைப்பில் விடை, இருப்பதிலேயே சிறிய மின்தடையை விடக் குறைவாக வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 0.33 அந்தச் சோதனையில் தேறிவிடும், 4-ஐ விடக் குறைவுதானே, அதனால்தான் உனக்குச் சந்தேகம் வரவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் 8ஆம் கேள்வியில் இரண்டு 4 Ω பக்க இணைப்பில் 2 Ω என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு 4-க்குப் பதில் 12 வைத்தால் விடை 2-ஐ விடக் கூடத்தான் செய்யும், குறையாது. அப்படியானால் விடை 2-க்கும் 4-க்கும் நடுவில் எங்கேயோ இருக்க வேண்டும். இனி இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டுப் பார்.

15: 4. இதில் தப்பு என்னுடையது. இரண்டு 60 W விளக்கு 5 மணி நேரம், இரண்டு 75 W மின்விசிறி 10 மணி நேரம், 600 + 1500 = 2100 Wh, ஒரு நாளைக்கு 2.1 kWh, 30 நாளைக்கு 63 யூனிட். நான் டைப் செய்த விடைக்குறிப்பில் 36 என்று இருக்கிறது. முதலில் உனக்கு இறுதி விடைக்கு 1 குறைத்துவிட்டு, உன் படிகளில் எங்கே தப்பு என்று தேடினேன், கிடைக்கவே இல்லை, அப்புறம் நானே போட்டுப் பார்த்தால் 63. எண் இடம் மாறிவிட்டது. இந்தக் கேள்விக்கு மார்க் குறைத்த மற்றவர்களுக்கும் இன்று ராத்திரி திருத்திப் போட்டுவிடுகிறேன், வகுப்பில் யாராவது கேட்டால் சொல்லு. (இரண்டு மாதத்துக்கு 126 யூனிட், முதல் நூறு இலவசம் என்பதால் 26-க்குத்தான் காசு என்று ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறாய். கேட்கவில்லை, மார்க்கும் இல்லை, ஆனால் ரசித்தேன்.)

ஏழு மதிப்பெண் (10.5/14)

16: 4.5, நிலுவை 0.5. உந்த மாறாக் கோட்பாடு.
கூற்று 1/2: "புற விசை எதுவும் செயல்படாத வரை" என்பது இல்லை. அது இல்லாமல் இந்தக் கோட்பாடே நிற்காது, பிரேக் பிடித்ததும் நின்றுபோகும் சைக்கிளின் உந்தம் எங்கே போனது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்?
படம் 0.5/1: மோதலுக்கு முன் உள்ள படம் தெரிகிறது, பின் உள்ளது போட்டோவில் வெட்டுப்பட்டுவிட்டது. மீதி அரை நிலுவை.
இரண்டு விசைகளின் சமன்பாடு 2/2.
மூன்றாம் விதி 0/1: F₁ = F₂ என்று எழுதியிருக்கிறாய், F₁ = –F₂ என்று இருக்க வேண்டும்.
இறுதிச் சமன்பாடு 1/1.

கடைசி 1-ஐக் கொடுக்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். நீ எழுதிய F₁ = F₂ வழியாகப் போனால் m₁v₁ – m₂v₂ = m₁u₁ – m₂u₂ என்றுதான் வரும். உன் தாளில் அடுத்த வரியிலேயே கூட்டல் குறியோடு m₁v₁ + m₂v₂ = m₁u₁ + m₂u₂ வந்து நிற்கிறது. அதாவது கடைசி வரி மனப்பாடம், நடுவில் இருப்பது பாதி மனப்பாடம். சமன்பாடு சரி என்பதால் இந்த முறை விட்டுவிட்டேன். அந்தக் கழித்தல் குறிதான் இந்த நிரூபணத்தின் உயிர், அதை விட்டால் மீதி வெறும் எழுத்து.

17: 6, நிலுவை 1. ஜூல் வெப்ப விதி, மூன்று காரணிகளும் சரி, 3. H = I²Rt, 1. நிக்ரோம் கம்பி ஏன் என்றதற்கு அதிக மின்தடை எண் 1, உயர்ந்த உருகுநிலை 1. மூன்றாவது காரணம் அந்த மங்கலான நான்கு வரிக்குள் இருக்கிறது. "ஆக்சி" என்று ஏதோ தொடங்குவது போலத் தெரிகிறது, விரைவில் ஆக்சிஜனேற்றம் அடையாது என்று எழுதியிருந்தால் 1 உண்டு.

கூட்டல்

6 + 7.5 + 7 + 4.5 + 6 = 31. நிலுவை இரண்டும் கிடைத்தால் 32.5.

நாலாவது பக்கத்தையும் அஞ்சாவது பக்கத்தையும் மட்டும் மறுபடி எடுத்து அனுப்பச் சொல். பகலில் ஜன்னல் ஓரம் தாளைத் தரையில் விரித்து, நேர் மேலே இருந்து, நாலு மூலையும் தெரிகிற மாதிரி. அதற்குள் பேனா எடுத்து ஒன்றும் சேர்க்காதே, பழைய போட்டோ என்னிடம் இருக்கிறது. நாளை சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்தால் நோட்டில் ஏற்றிவிடுவேன், வராவிட்டால் 31 என்றே ஏற்றுவேன்.

14-ஐயும் 16-ஐயும் மறுபடி எழுது, புத்தகம் பார்க்காமல். உடம்பு முடிந்தால் இந்த வாரம், முடியாவிட்டால் வரும்போது கொண்டு வா.