அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (திருத்தியது)

மாங்குளம், ஏ9 வீதியோரக் கிளினிக்

பழைய பதில்கள் நீண்டுவிட்டன, சுருக்கியிருக்கிறோம். இனி "இலக்கம்" என்றால் வரிசை இலக்கம். "துண்டு" என்றால் டொக்டர் மருந்து எழுதித் தரும் தாள். "கொப்பி" என்றால் உங்கள் கிளினிக் கொப்பி.

டொக்டர் எப்போது இருப்பார்?
திங்கள் முதல் சனி வரை, பின்னேரம் 4 முதல் 8 மணி வரை. ஞாயிறும் போயா நாளும் பூட்டு.

இலக்கம் எப்படி எடுப்பது?
பின்னேரம் 3 மணியிலிருந்து நேரில். வீட்டார் ஒருவர் வந்து எடுத்தாலும் சரி. போனில் தருவதில்லை. கைக்குழந்தை, கர்ப்பிணி, மூச்சுத்திணறல் உள்ளவர் யாருக்கும் இலக்கம் வேண்டாம், நேரே உள்ளே வாருங்கள்.

கட்டணம்?
600 ரூபா. மருந்துக்கு வேறு.

பாம்பு கடித்தால் இங்கே வரலாமா?
வேண்டாம். விஷமுறிவு மருந்து எங்களிடம் இல்லை. நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.
கடிபட்ட கையையோ காலையோ அசைக்காதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம், அதைத் தேடுகிற நேரத்தில் பாதி வழி போய்விடலாம். நோவு இல்லை, வீக்கம் இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கட்டுவிரியன் கடி முதலில் அப்படித்தான் இருக்கும்.

காய்ச்சலுக்கு எப்போது வர வேண்டும்?
இரண்டு நாளில் விடாவிட்டால் வாருங்கள். வயிற்று நோவு, விடாத சத்தி, இரத்தக் கசிவு, சோர்வு இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதுவரை பரசிற்றமோல் மட்டும். இபுபுரோஃபன், டைக்ளோபினாக் எடுக்க வேண்டாம், டெங்கு என்றால் ஆபத்து. இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர்கள் உடனே டொக்டரிடம் கேளுங்கள்.
வயலில் இறங்கியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், நாங்கள் கேட்காவிட்டாலும். எலிக்காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். காலபோக வேலைக்கு இறங்கும் முன் தடுப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

சீனி பார்க்க வெறும் வயிறு என்றால்?
இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. தேத்தண்ணீரும் கூடாது, சீனி போடாவிட்டாலும். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். சீனிக் குளிசையைக் கையில் கொண்டுவாருங்கள், இரத்தம் கொடுத்துச் சாப்பிடும்போது போடலாம். பிரஷர் குளிசையை வழக்கம்போலப் போடுங்கள். இரத்தம் எடுப்பது செவ்வாய், வெள்ளி காலை 6.30 முதல் 8 மணி வரை.

துண்டு தொலைந்தால்?
கொப்பியைக் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்துப் புதிய துண்டு எழுதித் தருவோம், கட்டணம் இல்லை. கொப்பியும் இல்லையென்றால், போடும் குளிசைகளின் வெறும் அட்டைகளையாவது கொண்டுவாருங்கள். "சின்ன வெள்ளைக் குளிசை" என்றால் எங்களுக்கு விளங்காது.

குழந்தைக்குத் தடுப்பூசி போடுவீர்களா?
இல்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அங்கே இலவசம்.